இன்வொய்ஸ் பிழை: குழுவில் எழும் பதற்றத்தை வாடிக்கையாளருக்கான கடிதமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை மத்திய வீதியில் கட்டடப் பொருள் விற்கும் ஒரு கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நிலாவெளியில் ஒரு ஹோட்டல், சுற்றுலாப் பருவம் தொடங்குவதற்கு முன் அறைகளுக்குப் புது டைல்ஸ் பதிக்கிறது. 2025 மார்ச் 17, திங்கட்கிழமை லொறியில் சாமான் போகிறது. மறுநாள் இன்வொய்ஸ் போகிறது. புதன்கிழமை ஹோட்டல் அந்த இன்வொய்ஸுக்காக ஒரு லட்சம் ரூபாயை வங்கியில் வைப்பிடுகிறது. வியாழன் காலை, களஞ்சியத்தைப் பார்க்கும் தம்பி கடையின் வட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்: "அண்ணா, நிலாவெளி பில்லில் 63 பெட்டி என்று இருக்கிறது. எங்கள் களஞ்சியத்திலிருந்து அவ்வளவு போகவில்லை."

பிறகு குழு கொதிக்கிறது. பில் போடும் தங்கை, "விலையையும் பிழையாகப் போட்டேனோ தெரியவில்லை, ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் கூடப் போயிருக்கிறது" என்கிறார். விற்பனையைக் கவனிப்பவர், "வற் இரண்டு தடவை விழுந்திருக்கும், அந்தக் கணினி முன்பும் இப்படிச் செய்திருக்கிறது" என்கிறார். லொறி ஓட்டுநர் ஒரு தாளின் படத்தைப் போட்டு, "நான் இறக்கியது 36. கையெழுத்து வாங்கியிருக்கிறேன்" என்று எழுதுகிறார். முதலாளி, "யார் பார்க்காமல் அனுப்பியது? அந்த பில்லை அழித்துவிட்டு அதே இலக்கத்தில் புதிதாகப் போடுங்கள்" என்கிறார். கடைசியாக ஒருவர்: "அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. அடுத்த பில்லில் கழித்துவிட்டால் போயிற்று."

இந்தச் செய்திகளுக்குள் வாடிக்கையாளருக்குத் தேவையான உண்மையும் இருக்கிறது, அவருக்குப் போகவே கூடாத ஊகமும் பயமும் பழியும் இருக்கின்றன. பெரும்பாலான கடைகளில் தவறு நடப்பது இவற்றைப் பிரிக்காமல் கையைக் கைபேசியில் வைக்கும்போதுதான். ஹோட்டல் முகாமையாளரோடு நல்ல பழக்கமுள்ள விற்பனையாளர் முந்திக்கொண்டு அனுப்பிவிடுவார்: "அண்ணன், பில்லில் ஒரு சின்னப் பிழை, வற் கூட விழுந்துவிட்டது, திருத்தி அனுப்புகிறோம்." நல்லெண்ணத்தில் அனுப்பியதுதான். ஆனால் அந்த ஒரு வரியில் காரணம் பிழை, அளவு பிழை, எந்த இன்வொய்ஸ் என்பதும் இல்லை. முகாமையாளர் அதைத் தன் கணக்காளருக்கு அனுப்புவார். கணக்காளர் வற் தொகையைத் தட்டிப் பார்ப்பார். அது சரியாக 18 வீதம்தான் இருக்கும். ஆகவே கடைக்கே தன் பிழை எதுவென்று தெரியவில்லை என்ற முடிவுக்கு அவர் வருவார். அதன் பிறகு வரும் சரியான கடிதத்தையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

உடனே ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது உண்மை. ஏனென்றால் ஹோட்டல் அன்றைக்கே மீதிப் பணத்தையும் போட்டுவிடக்கூடும். அப்போது அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: "1846 இலக்க இன்வொய்ஸில் டைல்ஸ் எண்ணிக்கை பிழையாக இருப்பதாகத் தெரிகிறது. சரிபார்த்து இன்று மாலை 4 மணிக்குள் எழுத்தில் அனுப்புகிறோம். அதுவரை மீதித் தொகையைச் செலுத்த வேண்டாம்." காரணம் இல்லை, தொகை இல்லை, மன்னிப்புப் பட்டியலும் இல்லை. வாடிக்கையாளர் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்று மட்டும் இருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியம்தான் பணத்தைக் காப்பாற்றுவது.

இதற்குப் பிறகு குழுவை மூடி வைத்துவிட்டு மூன்று தாள்களை மேசையில் வைக்க வேண்டும்: ஹோட்டலின் ஓடர், கையெழுத்திட்ட டெலிவரி நோட், அனுப்பிய இன்வொய்ஸ். குழுவில் ஒவ்வொருவரும் சொன்னதை இந்த மூன்றில் எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் சொன்னதை டெலிவரி நோட் தாங்குகிறது: 36 பெட்டி, ஹோட்டல் பொறுப்பாளரின் கையெழுத்து, மார்ச் 17. விலை பிழையோ என்ற பயத்தை ஓடர் தீர்த்துவிடுகிறது: பெட்டிக்கு 4,200 ரூபாய் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இன்வொய்ஸிலும் அதுவே. வற் இரண்டு தடவை விழவில்லை. அந்த ஊகத்துக்கு ஆதாரமே இல்லை, ஆகவே அது கடிதத்துக்குள் வரக்கூடாது.

இப்போது கணக்கு. அனுப்பிய இன்வொய்ஸில் டைல்ஸ் 63 பெட்டி, 264,600 ரூபாய். டைல் ஒட்டும் பசை 20 பை, பைக்கு 1,850 வீதம் 37,000 ரூபாய். கூட்டினால் 301,600. அதற்கு 18 வீத வற் வரி 54,288. மொத்தம் 355,888. சரியாகப் போட்டிருந்தால் டைல்ஸ் 36 பெட்டிக்கு 151,200, பசை அதே 37,000, சேர்த்து 188,200, வற் வரி 33,876, மொத்தம் 222,076. வித்தியாசம் 133,812 ரூபாய்.

குழுவில் உலாவிய ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிகிறது. 27 பெட்டியை 4,200 ஆல் பெருக்கினால் 113,400. தங்கை சொன்னது பொய்யல்ல. வற் வரியான 20,412 ரூபாயைச் சேர்க்க மறந்த தொகை. அதை அப்படியே கடிதத்தில் எழுதியிருந்தால், ஹோட்டலுக்குக் கழித்துக் கொடுக்க வேண்டியதில் இருபதாயிரத்துக்கு மேல் மறைத்ததுபோல் ஆகியிருக்கும். பிழைத் தொகையைச் சொல்லும்போது வரிக்கு முன்னா, வரியோடா என்று சொல்லாமல் விடுவது இத்தகைய கடிதங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டாவது கடிதம் எழுத வேண்டிவருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

36 எப்படி 63 ஆனது? இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. கணக்குப் புத்தகத்தோடு பழகியவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி தெரியும்: இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9 ஆல் மீதியின்றி வகுபடும். 63 இலிருந்து 36 போனால் 27. ஆனால் இது ஒரு தடயம் மட்டுமே. 27 பெட்டி குறைந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம்: லொறி இரண்டு தடவை போக வேண்டியிருந்து, இரண்டாவது தடவை போகாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் குறையாக இருப்பது சாமான்தான், இன்வொய்ஸ் சரி. அதனால் ஓடரில் 36 தான் கேட்டார்களா என்று பார்ப்பதும், அந்த 27 பெட்டி களஞ்சியத்தில் இருக்கிறதா என்று தம்பி போய் எண்ணிப் பார்ப்பதும் அவசியம். ஓடர், டெலிவரி நோட், களஞ்சிய இருப்பு மூன்றும் ஒரே எண்ணைச் சொன்ன பிறகுதான் "எங்கள் தட்டச்சுப் பிழை" என்று எழுதும் உரிமை கடைக்கு வருகிறது.

இன்னொரு சோதனையும் மீதமிருக்கிறது. "இது இந்த ஒரு பில்லில் மட்டும்தான்" என்று கடிதத்தில் எழுத எல்லோருக்கும் ஆசை. எழுதுவதற்கு முன், அன்று அதே கையால் போட்ட மற்ற இன்வொய்ஸ்களையும் டெலிவரி நோட்டுகளோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட நேரம் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுவதே நேர்மை. அடுத்த வாரம் அதே ஹோட்டலுக்கு இன்னொரு பிழை வெளிவந்தால், முதல் கடிதம் முழுவதும் செல்லாக்காசாகிவிடும்.

முதலாளி சொன்ன வழிக்கு வருவோம். பழையதை அழித்து, அதே இலக்கத்தில் புது இன்வொய்ஸ். இந்த யோசனையில் கெட்ட எண்ணம் இல்லை. சுத்தமாக இருக்கட்டும் என்ற நினைப்புத்தான். ஆனால் இன்வொய்ஸ் வெளியே போன பிறகு அது கடைக்கு மட்டும் சொந்தமான தாள் அல்ல. ஹோட்டலின் புத்தகத்தில் 1846 என்ற இலக்கத்தில் 355,888 ரூபாய் ஏறிவிட்டது. அதே இலக்கத்தில் 222,076 ரூபாய்க்கு இன்னொரு தாள் போனால், ஒரே இலக்கத்தில் இரண்டு உண்மைகள் உலாவும். எது செல்லும் என்று மூன்று மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஹோட்டலும் வற் வரிக்குப் பதிவு செய்திருந்தால் சிக்கல் இன்னும் ஆழமானது. கடை விதித்த வற் வரியை ஹோட்டல் தான் செலுத்த வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். அது 54,288 ரூபாயைக் கழித்துவிட்டு, கடை தன் கணக்கில் 33,876 மட்டும் காட்டினால், இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது. விளக்கம் கேட்கப்படும்போது மாட்டுவது பெரும்பாலும் பிழையே செய்யாத ஹோட்டல்தான்.

அதற்கான வழி கிரெடிட் நோட். பழைய இன்வொய்ஸ் அப்படியே இருக்கும். அதைக் குறிப்பிட்டு, கூடுதலாகப் போட்ட 113,400 ரூபாயையும் அதற்குரிய வற் வரி 20,412 ரூபாயையும் தனித்தனியாகக் காட்டி, 133,812 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட். அதற்குத் தனி இலக்கம், தனித் திகதி, காரணம் ஒரு வரி. இரண்டு தாளும் சேர்ந்து உண்மையைச் சொல்லும்: முதலில் என்ன நடந்தது, பிறகு எது திருத்தப்பட்டது. வற் வரிக்குப் பதிவு செய்யாத சிறு கடை வற் விதிக்கவே முடியாது என்பதால் அங்கே வரி வரிசை இருக்காது. ஆனால் பழைய பில்லை அழிக்காமல் திருத்தச் சீட்டு எழுதும் முறை அங்கேயும் அதேதான்.

"அடுத்த பில்லில் கழித்துவிடலாம்" என்ற யோசனை எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. கேட்க இலகுவாக இருக்கும், யாருக்கும் முகம் சிவக்காது. ஆனால் அந்த ஹோட்டல் அடுத்த முறை வேறு கடையில் வாங்கினால்? கட்டும் வேலை முடிந்து ஆறு மாதம் ஒன்றுமே வாங்காவிட்டால்? அதுவரை பிறருடைய ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கடை உரிமை கோரிக்கொண்டிருக்கும், அதுவும் தெரிந்துகொண்டே. பிழை தெரியாமல் இருந்தவரை அது தட்டச்சுப் பிழை. வியாழன் காலை அந்தக் குழுவில் எழுதப்பட்ட நிமிடத்திலிருந்து அது மறைப்பு. அந்தச் செய்தியும் திகதி, நேரத்தோடு கைபேசிகளில் இருக்கிறது. அதை அழிக்கச் சொல்வதும் தவறு. பிழை எப்போது தெரிந்தது, யார் கண்டார் என்பதற்குக் கடையிடம் உள்ள பதிவு அதுதான். வெளியே அனுப்பாமல் உள்ளே வைத்திருக்க வேண்டும். உரையாடலின் படத்தை "பாருங்கள், நாங்களே கண்டுபிடித்துவிட்டோம்" என்று ஹோட்டலுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அதில் தங்கை மீது விழுந்த ஏச்சும் போகும், கவனிக்கவில்லை என்ற வரியும் போகும், வேறு வாடிக்கையாளரின் கணக்கு ஏதாவது இடையில் வந்திருந்தால் அதுவும் போகும்.

இனி எழுத்து. நம் அலுவலகக் கடிதங்களில் பிழைகள் தாமாகவே நடந்துவிடும்: "தவறு நேர்ந்துள்ளது", "கணினிக் கோளாறு காரணமாக மாற்றம் ஏற்பட்டுள்ளது". படிப்பவருக்கு இதில் ஆளே தெரியாது. இந்தக் கதையில் கணினி சொன்னதைச் செய்தது. 63 என்று பதிந்தது கடை. எனவே "நாங்கள் 63 என்று பதிந்துவிட்டோம்" என்றுதான் வர வேண்டும். அதற்காகத் தங்கையின் பெயரை எழுதிவிடுவது மறுபக்கத்துத் தவறு. வாடிக்கையாளர் வியாபாரம் செய்தது கடையோடு. பில்லைப் போட்ட கை எதுவானாலும் அனுப்ப முன் பார்க்காமல் விட்டது கடைதான். கடிதத்தில் ஒரு பெயர் வர வேண்டுமென்றால் அது கேள்வி கேட்க வேண்டியவரின் பெயராக இருக்கட்டும்.

மன்னிப்பு ஒரு தடவை போதும். ஒவ்வொரு பத்தியிலும் வருந்தினால் தொகை எங்கே என்று தேட வேண்டிவரும். கடிதம் முகாமையாளரோடு நிற்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் கணக்காளரிடம் போகும், ஹோட்டல் முதலாளியிடம் போகும், ஆண்டு முடிவில் கணக்காய்வாளரிடமும் போகலாம். அவர்கள் யாரும் குழுவையும் பார்த்ததில்லை, தொலைபேசியிலும் பேசியதில்லை. "நேற்று பேசியபடி", "அந்த டைல்ஸ் பில்", "மேற்படி விடயம்" எதுவும் அவர்களுக்கு உதவாது. திகதி, இலக்கம், எண்ணிக்கை, தொகை எல்லாம் கடிதத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஹோட்டலின் கணக்குப் பிரிவு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இயங்கினால் அந்த மொழியிலும் ஒரு பிரதி வைப்பது திருகோணமலையில் பெரிய வேலையே அல்ல. எண்கள் மட்டும் இரண்டு பிரதியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும்.

அந்தக் கடை அனுப்பக்கூடிய கடிதம் இப்படி அமையும்:

> 2025 மார்ச் 20
>
> முகாமையாளர் அவர்களுக்கு,
>
> 1846 இலக்க இன்வொய்ஸில் (2025 மார்ச் 18) உள்ள பிழையும் திருத்தமும்
>
> மார்ச் 17 அன்று உங்கள் நிலாவெளி ஹோட்டலில் 36 பெட்டி டைல்ஸ் ஒப்படைத்தோம். டெலிவரி நோட்டில் உங்கள் பொறுப்பாளர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆனால் இன்வொய்ஸில் அதை 63 பெட்டி என்று நாங்கள் பிழையாகப் பதிந்து, ஒப்பிட்டுப் பார்க்காமல் உங்களுக்கு அனுப்பிவிட்டோம். இதற்காக வருந்துகிறோம். விலையிலும் டைல் பசையின் எண்ணிக்கையிலும் மாற்றம் இல்லை.
>
> அனுப்பிய இன்வொய்ஸின் மொத்தம்: 355,888 ரூபாய்
> சரியான மொத்தம்: 222,076 ரூபாய்
> கூடுதலாக விதித்தது: 133,812 ரூபாய் (27 பெட்டிக்கு 113,400, வற் வரி 20,412)
>
> இந்தத் தொகைக்கு 57 இலக்க கிரெடிட் நோட்டை இணைத்துள்ளோம். 1846 இலக்க இன்வொய்ஸை இரத்துச் செய்யவில்லை; இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளவும்.
>
> மார்ச் 19 அன்று நீங்கள் செலுத்திய 100,000 ரூபாயைக் கழித்தால், செலுத்த வேண்டிய மீதி 122,076 ரூபாய். முன்பு சொன்ன 255,888 ரூபாயைச் செலுத்த வேண்டாம்.
>
> பிழையை இன்று காலை எங்கள் களஞ்சியச் சரிபார்ப்பில் கண்டோம். இன்று முதல், கையெழுத்திட்ட டெலிவரி நோட்டோடு இன்னொருவர் ஒப்பிட்டுக் கையொப்பமிட்ட பிறகே இன்வொய்ஸ் அனுப்பப்படும்.
>
> உங்கள் எண்ணிக்கை இதிலிருந்து மாறுபட்டால் மார்ச் 24 க்குள் கணக்குப் பொறுப்பாளருக்கு அறிவிக்கவும்.
>
> உரிமையாளர்

கடிதத்தில் உரிமையாளர் கையெழுத்திடுவதைப் பலர் தவிர்ப்பார்கள். "தங்கையே அனுப்பட்டும்" என்பார்கள். வர வேண்டிய பணத்தைக் குறைக்கும் கடிதத்தில் கையெழுத்திடும் அதிகாரம் இல்லாதவரை நிறுத்துவது அவருக்கும் அநியாயம், ஹோட்டலுக்கும் நம்பிக்கை தராது.

செலுத்த வேண்டிய மீதியைக் கணக்கிட்டுக் கொடுக்காமல் "திருத்தப்பட்ட தொகையைக் கவனத்தில் கொள்ளவும்" என்று முடிப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஹோட்டல் தானே கழித்துப் பார்க்கும்போது ஏற்கெனவே செலுத்திய பணத்தைக் கழிக்க மறக்கலாம், அல்லது இரண்டு தடவை கழிக்கலாம். 222,076 இலிருந்து 100,000 போனால் 122,076. கழிப்பது கடையின் வேலை.

எதிர்காலத்தைப் பற்றிய வாக்கியத்திலும் கவனம் வேண்டும். "இனி இப்படி ஒருபோதும் நடக்காது" என்று யாராலும் உறுதி தர முடியாது, யாரும் நம்பவும் மாட்டார்கள். மேலே உள்ள கடிதம் சொல்வது ஒரு சிறிய மாற்றம். ஆனால் அது உண்மையாகத் தொடங்கியிருந்தால் மட்டுமே அந்த வரி இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பவர் யார், டெலிவரி நோட்டில் எந்த மூலையில் கையொப்பமிடுவார் என்பதைக் கடிதம் போகும் முன்னரே குழுவில் முடிவுசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிட்டு கடிதத்தை அனுப்பலாம். குறைவாகச் சொன்னால் பாதகமில்லை.

பிழை மறுபுறமாக நடந்திருந்தால், அதாவது 63 பெட்டி இறக்கிவிட்டு 36 க்கு பில் போட்டிருந்தால், தேவைப்படுவது டெபிட் நோட். கடிதத்தின் எலும்புக்கூடு ஒன்றே, ஆனால் தொனி மாற வேண்டும். ஹோட்டல் தன் செலவுத் திட்டத்தைக் குறைந்த தொகையை நம்பிப் போட்டிருக்கலாம். கடையின் பிழையால் கூடிய தொகையை "உடனே செலுத்தவும்" என்று கேட்பது முறையல்ல. ஆதாரத்தைக் காட்டி, எப்போது செலுத்த வசதி என்று கேட்பதே பொருத்தம்.

கடிதம் போய்விட்டால் வேலை முடியாது. ஹோட்டலிடமிருந்து கிடைத்ததாக ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வேலை நாளில் தொலைபேசியில் கேட்க வேண்டும். மார்ச் முடிவில் ஹோட்டலுக்கு அனுப்பும் கணக்குக் கூற்றில் மூன்று வரிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்: 1846 இலக்க இன்வொய்ஸ் 355,888, கழிவாக மார்ச் 19 அன்று வந்த பணம் 100,000, கழிவாக 57 இலக்க கிரெடிட் நோட் 133,812. மீதி 122,076 என்று காட்டினால் கடையின் புத்தகமும் கடிதமும் ஒன்றுபடுகின்றன. 255,888 என்று காட்டினால், கிரெடிட் நோட் தாளில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது, பேரேட்டில் இன்னும் ஏறவில்லை.